மருந்துக்கடை நண்பர்களுக்கு: விரல் ஓரக் கொப்புளமெல்லாம் சிரங்கு அல்ல

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

மாவட்டத் தலைநகர் ஒன்றில் தோல் மருத்துவம் பார்க்கிறவன் நான். என்னிடம் வரும் அரிப்புக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே உங்கள் கடைக்கு வந்து போனவர்கள். கவுன்ட்டருக்கு இப்பால் நின்று, கையை நீட்டி, "அண்ணே, இதுக்கு ஏதாவது களிம்பு குடுங்க" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் ஏதோ ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சித்திரை வெயில் தொடங்கியதும் ஒருவகைக் கை அதிகமாக நீளும். விரல்களின் பக்கவாட்டில், சில சமயம் உள்ளங்கையிலும், பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். தாங்க முடியாத அரிப்பு. இதற்குப் பாம்ஃபோலிக்ஸ் என்று பெயர். எக்சிமா வகையைச் சேர்ந்தது. தொற்றாது. ஆனால் கையில் கொப்புளமும் அரிப்பும் சேர்ந்து தெரிந்தால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் சிரங்கு. சிரங்கு என்று சொல்லிவிட்டால் பெர்மெத்ரின் ட்யூப் கைக்கு வந்துவிடும். வீட்டில் அவருடைய பாயும் தட்டும் தனியாகிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. உண்மையிலேயே சிரங்கு உள்ள கையைப் பார்த்து, "சூட்டுக் கொப்புளம்தான், இதைப் போடுங்க" என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பு போகிறது. அரிப்பு சில நாள் அடங்குகிறது. அதற்குள் குடும்பம் முழுக்கப் பரவிவிடுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்கள். வைத்தியமும் வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குக் கெடுதல் செய்யும். கையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது எங்களுக்கே பல சமயம் கடினம். ஆனால் சரியான சில கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலான நேரங்களில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளை உங்களிடம் ஒப்படைக்கவே எழுதுகிறேன்.

பாம்ஃபோலிக்ஸ் எப்படி வருகிறது

பெரும்பாலும் அரிப்புதான் முதலில் வரும். அல்லது ஓர் எரிச்சல், உள்ளே குத்துவது போன்ற உணர்வு. தோலில் அப்போது எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு நாளில் விரல்களின் ஓரங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் கொப்புளங்கள் எழும். வேகவைத்த ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் பதித்து வைத்தாற்போல இருக்கும். பாடப் புத்தகங்களும் இந்த உவமையைத்தான் சொல்கின்றன, ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேலே துருத்திக்கொண்டு நிற்காமல் ஆழத்தில் இருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். தொடக்கத்தில் சுற்றிலும் சிவப்பு அதிகம் இராது.

இப்படி இருக்கக் காரணம் அந்த இடத்துத் தோல்தான். உள்ளங்கையிலும் விரலின் உட்பக்கத்திலும் மேல்தோலின் இறந்த அடுக்கு மிகத் தடிப்பானது. எக்சிமாவில் மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோக்கும். உடம்பின் மற்ற இடங்களில் அந்த நீர் எளிதில் உடைத்துக்கொண்டு வெளியே கசியும். கையில் தடித்த அடுக்கு மூடியிருப்பதால் வெளியேற வழியின்றிச் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தேங்கி நிற்கும். பக்கத்துக் கொப்புளங்கள் சேர்ந்து பெரிதாவதும் உண்டு.

வியர்வை நாளம் அடைபட்டு வியர்வை தேங்குவதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1873இல் லண்டனில் டில்பரி ஃபாக்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது அவரும் அப்படித்தான் கருதினார். பின்னாளில் தோலைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொப்புளத்துக்கும் வியர்வை நாளத்துக்கும் அந்தத் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. ஆனால் வெயிலும் வியர்வையும் இதைக் கிளப்பிவிடும் என்பது உண்மை. சித்திரை, வைகாசியில் உங்கள் கடைக்கு இந்தக் கைகள் அதிகம் வருவது அதனால்தான்.

கிளப்பிவிடும் வேறு காரணங்களும் உண்டு. பாத்திரம் விளக்கும் சோப்பு, துணி சோப்பு, அடிக்கடி கை கழுவும் வேலை, மன உளைச்சல், சிலருக்கு நிக்கல் ஒவ்வாமை. சிறுவயதில் ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இன்னொரு முக்கியமான காரணம் காலில் இருக்கும் பூஞ்சைத் தொற்று. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எதுவும் செய்யாமல் விட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளங்கள் வற்றி, தோல் உரிந்து, சில இடங்களில் வெடிப்பு விட்டு, ஆறிவிடும். பலருக்குத் திரும்பவும் வரும். "போன வருஷமும் இதே வெயில்லதான் வந்துச்சு, தானாப் போயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அது நோய் தன்னைத் தானே அடையாளம் காட்டும் பேச்சு. சிரங்கு அப்படித் தானாகப் போய் அடுத்த வருடம் அதே மாதத்தில் வராது.

சிரங்கு எப்படி வருகிறது

சிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி. பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இராது. அது தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, உள்ளேயே முட்டையிடும். அரிப்பு வருவது பூச்சி கடிப்பதால் அல்ல. பூச்சி, அதன் கழிவு, முட்டை ஆகியவற்றுக்கு நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் சிரங்கின் போக்கு முழுவதும் விளங்கிவிடும்.

இதை நன்றாக விளக்கிக் காட்டியவர் கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிரங்கு பெருகியது. நோயாளிகளின் போர்வையாலும் துணியாலும் பரவுகிறது என்று அப்போது நம்பினார்கள். மெல்லன்பி 1941இல் ஷெஃபீல்டு நகரில் ஒரு வீட்டில் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சியின்படி போரிட மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் கலந்துகொண்டார்கள். சிரங்கு நோயாளிகள் உடுத்திய உள்ளாடையை உடுத்தினார்கள். அவர்களுடைய போர்வையில் படுத்தார்கள். அப்படிச் செய்தும் மிகச் சிலருக்கே சிரங்கு வந்தது. நோயாளியோடு உடம்பு ஒட்டிப் படுத்தபோது எளிதில் வந்தது.

அந்த ஆய்வு இன்னும் சில உண்மைகளைச் சொன்னது. முதல்முறை சிரங்கு வந்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் அரிப்பே இருக்கவில்லை. உடம்புக்கு அந்த ஒவ்வாமை உருவாக அவ்வளவு காலம் ஆகிறது. முன்பு ஒருமுறை வந்து குணமானவருக்கு மீண்டும் தொற்றினால் ஓரிரு நாளில் அரிப்பு தொடங்கிவிட்டது. ஒரு நோயாளியின் உடம்பில் இருந்த பெண் பூச்சிகள் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டுதான். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் மணிக்கட்டிலும் இருந்தன.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, சிரங்கு உண்மையிலேயே கைகளை விரும்பும் நோய். பாம்ஃபோலிக்ஸோடு அது குழம்புவது அதனால்தான். இரண்டாவது, கடைக்கு வந்தவர் அரிக்கிறது என்று சொல்லும்போதே, இன்னும் அரிப்பு தொடங்காத ஒருவர் அவர் வீட்டில் பூச்சியைச் சுமந்துகொண்டு இருக்கக்கூடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம்.

கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "கையைத் தவிர வேற எங்கயாவது அரிக்குதா?" சிரங்கு கையோடு நிற்பது அரிது. விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் பாவாடை நாடா படும் இடம், பிட்டம், தொடை என்று பரவியிருக்கும். பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றியும், ஆண்களுக்கு ஆண்குறியிலும் விதைப்பையிலும் பொரிப்பொரியாக இருக்கும். கூச்சத்தால் இவற்றைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் நிற்கும் கடையில் கேட்பதும் முறையல்ல. "இடுப்பு, வயித்துப் பக்கம் இருக்கா?" என்று கேட்டாலே போதும், தலையசைப்பார்கள். பாம்ஃபோலிக்ஸ் உள்ளங்கை, விரல், சிலருக்கு உள்ளங்கால், இந்த எல்லையைத் தாண்டாது. வயிற்றில் வராது.

இரண்டாவது கேள்வி: "வீட்டுல, ரூம்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா?" ஒரே பாயில் படுக்கும் பிள்ளைக்கும் தாய்க்கும் அரிப்பு இருக்கிறது என்றால் அநேகமாகச் சிரங்கு. ஒன்றரை மாதமாகக் கொப்புளம் இருந்தும், பக்கத்தில் படுக்கும் கணவருக்கு ஒன்றுமே இல்லை என்றால் சிரங்கின் மீதான சந்தேகம் குறைகிறது. அரிப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் இந்தக் கேள்வியை மட்டும் நம்ப முடியாது. மெல்லன்பி சொன்ன அந்த ஒரு மாதத்தை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது கேள்வி: "இதுக்கு முன்னால இதே மாதிரி வந்திருக்கா?" இதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இரவில் அரிப்பு கூடுகிறதா என்றும் கேட்கலாம். படுத்ததும் தூங்க விடாமல் அரிப்பது சிரங்கின் குணம். ஆனால் எக்சிமாவும் இரவில் அரிக்கும். எனவே இது துணைச் சாட்சிதான், தீர்ப்பாகாது.

இவற்றைக் கேட்டுக்கொண்டே கையைப் பாருங்கள். கொப்புளம் விரலின் ஓரச் சுவரில் வரிசையாக இருக்கிறதா, அல்லது இரண்டு விரல் சேரும் அந்தப் பள்ளத்தில் பொரியும் கீறலும் பொருக்குமாக இருக்கிறதா? முதலாவது பாம்ஃபோலிக்ஸுக்கு உரிய இடம், இரண்டாவது சிரங்குக்கு உரிய இடம். சிரங்கில் கூர்ந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் நெளிந்த மெல்லிய கோடு தெரியலாம். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். அதுதான் பூச்சி தோண்டிய வளை. அதன் ஒரு முனையில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளியாகப் பூச்சி இருக்கும். எங்களிடம் உள்ள டெர்மாஸ்கோப்பில் அது ஒரு சின்னக் கரும் முக்கோணமாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் சிரங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது, சொறிந்து சொறிந்து அழித்திருப்பார்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். குழந்தைகளுக்குச் சிரங்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளமாகவும் சீழ்க்கொப்புளமாகவும் வரும். தலையிலும் முகத்திலும்கூட வரும். அந்த வயதில் பாம்ஃபோலிக்ஸ் அரிது. எனவே இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தையின் உள்ளங்கையில் கொப்புளம் என்று யாராவது வந்தால், தூக்கி வைத்திருக்கும் தாயின் மணிக்கட்டையும் விரல் இடுக்கையும் பாருங்கள். பிறகு எந்தக் களிம்பும் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரு மாணவியின் கை

இந்தக் கேள்விகளைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். சித்திரையில் இரண்டு கைகளிலும் விரல் ஓரங்களில் கொப்புளம். விடுதிக்குப் பக்கத்துக் கடையில் சிரங்கு என்று சொல்லிப் பெர்மெத்ரின் ஐந்து சதவீதக் களிம்பு கொடுத்தார்கள். எப்படிப் போடுவது என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கையில் மட்டும், காலையும் இரவும், பத்து நாள் தொடர்ந்து தடவினாள். கொப்புளம் உடைந்த இடமெல்லாம் எரிந்தது. எரிச்சலை மருந்து வேலை செய்வதாக நினைத்துக்கொண்டாள். அறைத்தோழிகள் பயந்தார்கள். துணியைத் தனியாகக் கொதிநீரில் போடச் சொன்னார்கள். விடுதிக் காப்பாளர், குணமாகும் வரை வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

என்னிடம் வந்தபோது நோய் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. விரல்களெல்லாம் தோல் உரிந்து, சிவந்து, மூட்டு மடிப்புகளில் வெடித்திருந்தன. இன்னும் உடையாத கொப்புளங்கள் விரல் ஓரத்தில் ஜவ்வரிசியாகவே இருந்தன. விரல் இடுக்குகள் சுத்தமாக இருந்தன. மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு எங்கும் ஒன்றுமில்லை. டெர்மாஸ்கோப்பில் வளை எதுவும் தெரியவில்லை. அறைத்தோழிகள் யாருக்கும் அரிப்பு இல்லை. இரண்டு வாரமாக அவளோடு ஒரே கட்டிலில் படுக்கும் அம்மாவுக்கும் இல்லை. "போன வருஷம் பரீட்சை நேரத்துல கொஞ்சமா வந்துச்சு சார், தானாப் போயிடுச்சு" என்றாள்.

சிரங்கு இல்லை என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. இது ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. ஷூவைக் கழற்றச் சொன்னேன். கையைக் காட்ட வந்தவர்கள் காலைக் காட்டச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். அவளும் ஆச்சரியப்பட்டாள். வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறிப்போய் இருந்தது. சேற்றுப்புண். காலை முதல் மாலை வரை மூடிய ஷூ, நைலான் காலுறை. அந்த இடத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. கையில் சுரண்டியதில் ஓர் இழைகூட இல்லை.

சிலருக்கு இப்படி நடக்கும். காலில் இருக்கும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு கிளம்பும்போது, பூஞ்சையே இல்லாத கையில் கொப்புளம் எழும். அப்படிப்பட்ட கையில் பூஞ்சை மருந்து தடவுவதால் பயனில்லை. காலில் உள்ள மூலம் ஒழிந்தால்தான் கை அடங்கும்.

பெர்மெத்ரினை நிறுத்தினோம். பூஞ்சைக் களிம்பு காலுக்கு மட்டும். கைக்குச் சில நாட்கள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் ஒத்தடம், இரவில் வீரியமான ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் இரண்டு வாரத்துக்கு மிகாமல், பகலில் ஒவ்வொரு முறை கை கழுவியதும் வாசனையில்லாத வாஸ்லின் போன்ற ஈரப்பூச்சு. காலுக்குப் பருத்திக் காலுறை, விடுதி அறைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிடுவது. இந்த நோய் யாருக்கும் ஒட்டாது என்று விடுதிக் காப்பாளருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் தோல் புதிதாக மூடியது. அந்தப் பெண் விடுதிக்குத் திரும்பினாள்.

இந்த நிகழ்வில் பெர்மெத்ரின் செய்தது என்ன? அது பூச்சியின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. கொல்வதற்குப் பூச்சி இல்லாத கையில் அதற்கு வேலையே இல்லை. ஏற்கெனவே வெடித்த தோலை எரித்து, எக்சிமாவைக் கிளறிவிட்டது. பென்சைல் பென்சோயேட் லோஷனாக இருந்திருந்தால் இன்னும் மோசமாக எரிந்திருக்கும்.

எதிர்த் திசைத் தவறு

இதைவிட எனக்குக் கவலை தருவது மற்றொரு தவறு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒரே ட்யூபில் கலந்த களிம்பு உங்கள் அலமாரியில் எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்கும். எந்த அரிப்புக்கும் அதைக் கொடுத்தால் இரண்டு நாளில் அரிப்பு குறையும் என்பது உங்களுக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும். அவர்களே பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

சிரங்கில் அந்தக் களிம்பு செய்வது இதுதான். அரிப்பு என்பது உடம்பின் ஒவ்வாமை என்று சொன்னேன். ஸ்டீராய்டு அந்த ஒவ்வாமையை அடக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது. அரிப்பும் சிவப்பும் குறையும். பூச்சி இடையூறின்றிப் பெருகும். நோயின் வழக்கமான தோற்றம் மறைந்துபோவதால் பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. அதற்குள் அவர் தூக்கிக் கொஞ்சிய பேரப் பிள்ளைக்கும், காலமுக்கிவிட்ட பாட்டிக்கும் தொற்றியிருக்கும். அதே ட்யூபைத் தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவித் தோல் மெலிந்து வரிவரியாக வெடித்தவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த வரிகள் பிறகு மறைவதில்லை.

பாம்ஃபோலிக்ஸுக்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், சரியான மருந்துதான். உள்ளங்கைத் தோல் தடிப்பாக இருப்பதால் வீரியமானதையே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இத்தனை நாள், இந்த இடத்தில் மட்டும், என்ற எல்லையோடு கொடுக்க வேண்டும். அந்த எல்லையை வகுக்க ஒருவர் நோயைப் பார்த்திருக்க வேண்டும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணைக்குள் கொண்டுவந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

பெர்மெத்ரின் கொடுத்தால் சேர்த்துச் சொல்ல வேண்டியவை

சிரங்கு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து, சீட்டோடு உங்களிடம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் அறையில் சொன்னதில் பாதியை வாசல் தாண்டும்போதே மறந்திருப்பார்கள். நீங்கள் மீண்டும் ஒருமுறை சொன்னால் அது நோயைத் தீர்க்கும்.

அரிக்கும் இடத்தில் மட்டும் தடவக் கூடாது. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை முழு உடம்பிலும், விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு என ஓரிடம் விடாமல் இரவில் தடவ வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம் ஆகும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு ட்யூப் கொடுத்தால் யாருக்குமே குணமாகாது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உடம்பில் இருக்க வேண்டும், காலையில் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மட்டும் மீண்டும் தடவ வேண்டும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அவ்வளவுதான், தினமும் போடக் கூடாது.

கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வை, துண்டு இவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். துவைக்க முடியாததைப் பையில் போட்டுக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடலாம். மனித உடம்பை விட்டு விலகினால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிராது. மெத்தையை எரிக்க வேண்டாம், வீட்டுக்கு மருந்தடிக்கவும் வேண்டாம்.

பூச்சி செத்த பிறகும் இரண்டிலிருந்து நாலு வாரம் வரை அரிப்பு நீடிக்கும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். செத்த பூச்சியும் முட்டையும் தோலோடு உதிரும் வரை ஒவ்வாமை இருக்கும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மீண்டும் வந்து இன்னொரு ட்யூப் கேட்பார்கள். அடுக்கடுக்காகத் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். கர்ப்பிணியும், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தையும் மருத்துவர் பார்க்காமல் எதையும் போடக் கூடாது. ஐவர்மெக்டின் மாத்திரையும் சீட்டில்லாமல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை.

பாம்ஃபோலிக்ஸ் என்று தோன்றினால்

கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் பாம்ஃபோலிக்ஸ் பக்கமே காட்டுகின்றன, மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்கிறார். அதுவரை நீங்கள் கெடுதலின்றித் தரக்கூடியவை உண்டு. வாசனையில்லாத ஈரப்பூச்சு ஒன்று. பாத்திரம் விளக்கும்போது போட்டுக்கொள்ள ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. மோதிரத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம், மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம், டெட்டால் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கேட்டால் அளவைச் சொல்லிக் கொடுங்கள். சில துகள்களை ஒரு சிறு வாளி நீரில் முழுவதும் கரைய விட்டால் வெளிர் ரோஜா நிறம் வர வேண்டும். கத்திரிப்பூ நிறம் வந்தால் அது தோலைச் சுட்டுவிடும். கரையாத துகள் தோலில் படக் கூடாது. அந்த நீரில் பத்து நிமிடம் கையை வைத்தால் போதும். கொப்புளம் உடைந்து நீர் கசியும் சில நாட்களுக்கு மட்டும்தான் இது. வற்றிய பிறகும் தொடர்ந்தால் தோல் மேலும் வறண்டு வெடிக்கும். நகமும் தோலும் பழுப்பேறும், சில நாளில் போய்விடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், வாயில் போட்டால் ஆபத்து.

சிலரை மட்டும் எதுவும் கொடுக்காமல் உடனே அனுப்ப வேண்டும். கொப்புளத்தில் சீழ் வைத்து மஞ்சள் பொருக்கு கட்டியவர்கள், கை வீங்கி வலிப்பவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள். அரிப்பை விட வலி அதிகமாக, ஒரே விரலில் கொத்தாகக் கொப்புளம் வந்தவர்கள், அது வைரஸாக இருக்கலாம். ஒரு கையில் மட்டும் வந்து மறுகை சுத்தமாக இருப்பவர்கள், அது பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களின் கையிலும் காலிலும் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நண்பர்களே, மருத்துவமனைக்கு வரப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகும் என்று யோசிப்பவர்கள்தான் உங்களிடம் முதலில் வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ட்யூபை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: வேறு எங்கே அரிக்கிறது, வேறு யாருக்கு அரிக்கிறது, முன்பு வந்திருக்கிறதா. பதில் சிரங்கு என்றால், ஸ்டீராய்டு களிம்பைத் தொடாமல் குடும்பத்தோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். பதில் பாம்ஃபோலிக்ஸ் என்றால், "இது ஒட்டாது, பயப்படாதீங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி அனுப்புங்கள். அந்தக் கையோடு வீட்டுக்குப் போகிறவருக்கு உங்கள் கடையில் கிடைக்கும் முதல் மருந்து அந்தச் சொல்தான்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோல் மருத்துவர் ஒருவர்